இசக்கிப்பாண்டி ‘ம்’ ஆனது

இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. தெருவில் போகிறபோதே காதைக் கொடுத்தால் போதும். ஒண்ணாப்புப் பிள்ளைகள் “ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா” என்று கூரை அதிரக் கத்தினால் படிப்பு நடக்கிறது. சத்தம் இல்லையென்றால் வாத்தியார் தூங்குகிறார். இவ்வளவுதான் கணக்கு.

அப்படியிருக்க, யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் ஆனி மாதம் ஒண்ணாப்புக்கு வந்து சேர்ந்தாள் செண்பகவல்லி. வந்ததும் முதல் காரியமாகக் கத்தலை நிறுத்தினாள். ஊர் சும்மா இருக்குமா? “புது டீச்சர் பிள்ளையளை வச்சுச் சீட்டு விளையாடுதாளாம்” என்று குளத்தங்கரை வரைக்கும் பேச்சாகிவிட்டது.

சீட்டு என்று அவர்கள் சொன்னது அட்டையை. பாளையங்கோட்டையில் வாத்தியார் பயிற்சிக்குப் படிக்கும்போது, இங்கிலீஷ் வகுப்பில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி செய்து காட்டியதைப் பார்த்து, தமிழுக்கு அவளாகவே செய்துகொண்டது. நீளமான ஓர் அட்டை. அதன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்து விட்டால் நடுவில் ஓடை மாதிரி ஒரு வழி கிடைக்கும். வலது கோடியில் ‘டம்’ என்று எழுதிய துண்டு அசையாமல் ஒட்டியிருக்கும். இடது கோடியில் ‘ப’ என்று ஒரு சின்ன அட்டையைச் செருகி விரலால் தள்ளினால் அது ஓடையிலே வழுக்கிக்கொண்டு போய் ‘டம்’ மேல் முட்டும். படம். ‘ப’வை எடுத்துவிட்டு ‘ம’வைச் செருகினால் மடம். ‘கு’வைச் செருகினால் குடம். சரியா தப்பா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள, சின்ன அட்டையின் முதுகில் படமும் வரைந்திருந்தாள்.

இதற்கு என்ன அவசியம் வந்தது என்று தலைமையாசிரியர் குத்தாலிங்கம் கேட்டார். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தவர்.

“சார், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்க” என்றாள்.

அவர் ரெண்டாப்பிலிருந்து ஒரு பயலைக் கூப்பிட்டு, பலகையில் ‘படம்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னார். பயல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பானா, டானா, இம்மன்னா” என்றான். “சேத்துச் சொல்லுலே” என்றார் குத்தாலிங்கம். “பானாடானாயிம்மன்னா!” என்றான் அவன், ஒரே மூச்சில்.

“பாத்தியளா சார்? எழுத்தோட பேரு தெரியுது. எழுத்து போடுத சத்தம் தெரியல. பேரைச் சேத்தா வார்த்தை எப்படி வரும்? சத்தத்தைச் சேத்தாத்தான வரும்?”

குத்தாலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நடத்தும்மா, நடத்து. ஆனா பெத்தவங்க பிள்ளையளைக் கூட்டிட்டுப் போயிராம பாத்துக்கோ” என்றார்.

அந்த வகுப்பில் அட்டையின் சூட்சுமம் முதலில் பிடிபட்டது பேச்சித்தாய்க்கு. ஆறு வயசு. தேங்காய் வெட்டுகிற இசக்கிப்பாண்டியின் மூத்த மகள். முன்பல் இரண்டும் விழுந்த பொக்கை வாய். ‘ப’வைத் தள்ளி, அது ‘டம்’மில் முட்டினதும் ஒரு கணம் விழித்தாள். அப்புறம், “படம்! யம்மா, இது படம்லா!” என்று கத்தியபடி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முதுகிலே படம் எடுக்கிற பாம்பு. செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. உள்ளதைச் சொன்னால், அன்றைக்கிலிருந்து அந்தப் பிள்ளைமேல் அவளுக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. வாத்தியார் வேலைக்கு அது ஆகாதுதான். யார் கேட்கிறார்கள்?

ஆடி பிறந்து ஒரு திங்கட்கிழமை இசக்கிப்பாண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். இடுப்பில் மரமேறுகிற தளைக்கயிறு, தோளில் துண்டு.

“டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதிய. வீட்டுல சங்கரம்மா நடவுக்குப் போகணும். கைப்பிள்ளையைப் பாக்க ஆள் இல்ல. பேச்சியை நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்.”

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? வகுப்புலயே கெட்டிக்காரி அவதான்.”

“அதான் எனக்கு விளங்கல. பக்கத்து வீட்டுப் பய முழு அரிச்சுவடியையும் கடகடன்னு சொல்லுதான். இவகிட்ட கேட்டா, எண்ணி ஒரு பத்துப் பன்னெண்டு எழுத்துதான் தெரியுங்கா. மிச்சத்துக்குச் சிரிக்கா.”

“அந்தப் பன்னெண்டை வச்சு அவ வார்த்தை வாசிப்பா, அண்ணாச்சி. அவன் வாசிப்பானா?”

இசக்கிப்பாண்டி தலையைச் சொறிந்தான். “எனக்கு எழுத்து தெரியாதுல்லா. அவ வாசிக்காளா, வாய்க்கு வந்ததைச் சொல்லுதாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? அரிச்சுவடின்னா கேட்ட காதுக்குத் தெரியும்.” கொஞ்சம் யோசித்தான். “சரி, வெள்ளிக்கிழமை வாரேன். என் கண்ணு முன்னால வாசிக்கட்டும். படிப்பு வருதுன்னா கைப்பிள்ளைக்கு என்னமாவது வழி பண்ணிக்கிடலாம். வரலன்னா கூட்டிட்டுப் போயிருவேன்.”

நியாயமான மனுஷன்தான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடவே சாரலும் வந்தது. மூன்று நாளாகக் குற்றால மலை கண்ணுக்கே தெரியவில்லை. தூறலும் காற்றும், காற்றும் தூறலும். அரிசிப் பானைக்குள்ளேயே ஈரம் ஏறிவிட்டது. அட்டை மட்டும் தப்புமா? கஞ்சிப் பசையில் ஒட்டிய அட்டை. நன்றாக ஊதி உப்பிக் கிடந்தது. செண்பகவல்லி அதைக் கவனிக்கவில்லை. பேச்சித்தாய்க்குத் தலை சீவிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, தானே பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நின்றாள்.

இசக்கிப்பாண்டி சுவரோரம் குந்தினான். அவனோடு வேடிக்கை பார்க்க இன்னும் நாலைந்து பேர். குத்தாலிங்கமும் கதவருகே வந்து நின்றார்.

இந்த அட்டைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள் செண்பகவல்லி. அட்டை நகர ஆரம்பிக்கும்போது சத்தம் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த எழுத்தில் முட்டுகிறவரை சத்தத்தை விடக்கூடாது. துரைசாணி சொல்லிக்கொடுத்த சட்டம் அது. வெயில் காலத்தில் அட்டை ஒரு சொடக்குப் போடுகிற நேரத்தில் போய் முட்டிவிடும். இன்றைக்கு ஓடைக்குள் சிக்கிக்கொண்டது. பேச்சித்தாய் நாக்கைத் துருத்திக்கொண்டு தம் பிடித்துத் தள்ளினாள். அட்டை இஞ்சு இஞ்சாக நகர்ந்தது. சட்டப்படி அவளும் சத்தத்தை விடவில்லை.

“குஊஊ... டம். கூடம்!”

திருப்பினாள். முதுகிலே தெளிவாக ஒரு குடம்.

சுவரோரம் ஒருவன் ‘களுக்’கென்றான். செண்பகவல்லி அதைக் காதில் வாங்காதவள் மாதிரி, “இன்னொண்ணு தள்ளு கண்ணு” என்று ‘ல்’ ஒட்டிய இன்னொரு நீள அட்டையையும் அதற்கான ‘ப’வையும் எடுத்துக் கொடுத்தாள். அதுவும் சிக்கியது.

“பஅஅ... ல். பால்!”

முதுகிலே ஒற்றைப் பல். இப்போது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “பல்லு விழுந்த பிள்ளைக்குப் பல்லு எப்படித் தெரியும்?” என்று ஒருவர் வேறு. குத்தாலிங்கம் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

இசக்கிப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் செண்பகவல்லிக்கு இன்னும் வலித்தது. எழுந்து வந்து மகள் தலையில் கை வைத்தான். “வா ஏட்டி, போவோம். டீச்சரம்மா மேல தப்பு இல்ல. நம்ம தலையில எழுதினது அவ்வளவுதான்.”

பேச்சித்தாய் அழுதுகொண்டே போனாள். கையில் ‘ப’ அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புகிறவரை செண்பகவல்லி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் யாரோடும் பேசாமல் அட்டைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அடுப்புப் பக்கம் அட்டைகளைக் காயப் போட்டாள். “சவத்து அட்டையே, உன்னால என் பிள்ளை போச்சே” என்று வாய்விட்டே திட்டினாள். ஆத்திரத்தில் ஓர் அட்டையை எடுத்து ஓடையில் வைத்துத் தள்ளினாள். அது இன்னும் முரண்டு பிடித்தது. அவளும் பழக்க தோஷத்தில் சத்தம் போட்டுக்கொண்டே தள்ளினாள். “மஅஅ... டம்.”

தன் வாயில் வந்தது மாடம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை தப்பாக வாசிக்கவே இல்லை! சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். துரைசாணி ‘ஸ்ஸ்ஸ்’ என்றும் ‘ம்ம்ம்’ என்றும் இழுத்தாள். அது மெய். அதை எவ்வளவு இழுத்தாலும் அது அதுவேதான். தான் இழுக்கச் சொன்னதோ ‘ப’வுக்குள்ளே இருக்கிற உயிரை. அதை இழுத்தால் ‘பா’ ஆகாமல் வேறு என்ன ஆகும்? கண் சிமிட்டுகிற நேரம் நிற்க வேண்டிய குறிலை, அட்டை நகருகிற நேரமெல்லாம் நிற்க வைத்தது யார்? சாரல் மேல் பழி போடலாம். ஆனால் சாரல் இல்லாத ஊரிலும், மெல்லத் தள்ளுகிற பிள்ளைக்கு இதே கதிதான்.

“மூதேவி” என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். கூடவே சிரிப்பும் வந்தது.

சத்தத்தை நீட்டக்கூடாது. நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் குறைக்க வேண்டும். ‘ப’ என்று வெட்டிச் சொல்லிவிட்டு, கொஞ்சம் விட்டு ‘டம்’. அப்புறம் இடைவெளி குறைய ‘ப’, ‘டம்’. அப்புறம் இடைவெளியே இல்லாமல் படம். இதற்கு ஓடையும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஊதாத அட்டை ஒன்று இருக்கிறதே, ஒவ்வொரு பிள்ளை கையிலும், சிலேட்டு! நகருவதற்குக் கால் இருக்கிறது!

திங்கட்கிழமை வகுப்பில் மூன்று பிள்ளைகளை எழுப்பினாள். ஆளுக்கொரு எழுத்தைச் சிலேட்டில் எழுதி நெஞ்சில் பிடிக்க வைத்து, நாலு எட்டுத் தள்ளித் தள்ளி நிறுத்தினாள். அவரவர் சத்தத்தை அவரவர் வரிசையாகச் சொல்ல வேண்டும், கை தட்டின மாதிரி வெட்டென்று. ஓர் எட்டு நெருங்கி, மறுபடி. இன்னும் ஓர் எட்டு, மறுபடி. தோளும் தோளும் இடித்ததும் எல்லோரும் சேர்ந்து வார்த்தையைச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அதற்கு முன்னாலேயே வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த ஆட்டத்தில் அதுதான் முதல் எழுத்து. பிள்ளைகள் அதற்கு இடிச்சாம்பூச்சி என்று பேர் வைத்தார்கள். அன்றைக்கு ஒண்ணாப்பில் எழுந்த கூச்சலைக் கேட்டுக் குத்தாலிங்கம் பயந்துபோய் ஓடி வந்தார்.

யாரும் ‘கூடம்’ என்று சொல்லவில்லை. குடம் குடமாகவே இருந்தது. ஆனால் பேச்சித்தாயின் இடம் காலியாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் செண்பகவல்லி குத்தாலிங்கத்திடம் போய் நின்றாள். “சார், ரெண்டு பிள்ளையளைக் கூட்டிட்டுத் தோப்பு வரைக்கும் போயிட்டு வந்திருதேன்.”

“எதுக்கும்மா?”

“என் பிள்ளையைக் கூட்டிட்டு வர.”

சாரல் சற்று விட்டு வெறித்திருந்தது. தென்னந்தோப்பில் பேச்சித்தாய் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் சுமக்கிறாளா, அவன் அவளைச் சுமக்கிறானா என்று தெரியாத அளவுக்குக் கொழுத்த பயல். டீச்சரைக் கண்டதும் பொக்கை வாய் காது வரை விரிந்தது. மேலேயிருந்து, “தள்ளி நில்லுங்க, காய் விழும்!” என்று குரல் வந்தது.

“பேச்சி, ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சிருக்கேன். வாரியா?”

விளையாட்டு என்றால் கேட்கவா வேண்டும். கூட வந்த நயினார் சிலேட்டில் ‘ட’. பேச்சித்தாய்க்கு ‘கு’. ‘ம்’ எழுதின மூன்றாவது சிலேட்டைப் பிடிக்க வேண்டிய பிள்ளைதான் கைப்பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் இசக்கிப்பாண்டியே இறங்கி வந்துவிட்டான். ஈர மரத்தில் உரசின நெஞ்சைத் துடைத்துக்கொண்டே, “என்ன டீச்சரம்மா, தோப்புக்கே வந்துட்டிய?” என்றான்.

செண்பகவல்லிக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! “அண்ணாச்சி, ஒரு ஆள் குறையுது. இதைப் பிடிங்க. உங்க முறை வரும்போது ‘ம்’னு மட்டும் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

இசக்கிப்பாண்டி சிலேட்டைப் பார்த்தான். “இம்புட்டுதானா? வீட்டுல சங்கரம்மாகிட்ட நிதமும் அதைத்தான சொல்லிட்டிருக்கேன்.”

மூன்று பேரும் மரத்துக்கு மரம் தள்ளி நின்றார்கள்.

“கு” என்றாள் பேச்சித்தாய். “ட” என்றான் நயினார். இசக்கிப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, “ம்” என்றான். ஓர் எட்டு. கு. ட. ம். இன்னும் ஓர் எட்டு. இடைவெளி குறையக் குறைய அவன் முகத்தில் இருந்த கேலி போய்க்கொண்டிருந்தது. தோள் இடிப்பதற்கு முன்னாலேயே, மகளுக்கும் முன்னாலேயே, அவன் கத்திவிட்டான்: “குடம்! ஏ, குடம்லா இது!”

“அண்ணாச்சி ஜெயிச்சுட்டிய” என்றாள் செண்பகவல்லி.

“இன்னொண்ணு போடுங்க.” அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

‘கு’வை அழித்து ‘ம’ என்று எழுதினாள். ‘ட’வை அழித்து ‘ர’. இசக்கிப்பாண்டியின் சிலேட்டைத் தொடவில்லை. ம. ர. ம். ஓர் எட்டு. ம, ர, ம். தோள் இடித்தது. அவன் வாயைத் திறந்தபடி, பக்கத்தில் நின்ற தென்னையை அடியிலிருந்து முடி வரை பார்த்தான்.

“மரம்” என்றான் மெதுவாக. “நான் ஏறுத மரமா? அது இம்புட்டுக்குள்ள அடங்கிருமா?”

அவன் கையில் இருந்த ‘ம்’மையே வெகுநேரம் உற்றுப் பார்த்தான். தலையிலே ஒரு புள்ளி. அப்புறம் என்ன நினைத்தானோ, இடது முன்கையைத் திருப்பினான். உள்பக்கத்தில் பச்சை குத்தியிருந்தது. “டீச்சரம்மா, இந்த எழுத்து இங்கனயும் இருக்கே!”

இருந்தது. வரிசையில் மூன்றாவதாக, புள்ளியோடு. இளவட்டத்தில் குற்றாலத்துச் சித்திரை விசுத் திருவிழாவில் குத்தினது. யாரோ ஒரு படித்த ஆள் மையால் எழுதிக் கொடுக்க, குறத்தி அதன்மேல் ஊசி போட்டாள். எழுதச் சொன்னதைத்தான் எழுதினானா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டு யாரிடமும் காட்டினதும் இல்லை.

“பேச்சி, இதை வாசிட்டி” என்று கையை நீட்டினான்.

செண்பகவல்லிக்குப் பகீரென்றது. மூன்று எழுத்துக்கு மேல் அவள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இது நாலு; நாலும் அவளுக்குத் தெரிந்த எழுத்துதான். அதுவும் ஒரு பேர். வாயைத் திறந்து உதவலாமா என்று பார்த்தாள். இசக்கிப்பாண்டியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். இதைத் தானே சொன்னால் அவன் நம்புவான். ஆனால் பிள்ளைக்குப் படிப்பு வருகிறது என்று நம்பமாட்டான், பிள்ளை போய்விடும்.

பேச்சித்தாய் அப்பாவோடு தரையில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கையால் எழுத்தையெல்லாம் மூடினாள். கொஞ்சம் விலக்கினாள். “பா.” இன்னும் கொஞ்சம். “ல.” இன்னும். “ம்.” கையை எடுத்துவிட்டாள். “மா.”

நின்றது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அட்டைக்கு இருந்த மாதிரி திருப்பிப் பார்க்க அந்தக் கைக்கு முதுகில் படம் இல்லை. மறுபடி மூடினாள். இந்த முறை கை வேகமாக விலகியது. “பா, ல, ம், மா.” மூன்றாம் தடவை கை நிற்கவே இல்லை.

“பாலம்மா” என்றாள். சந்தேகத்தோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “பாலம்மாவா? அது யாருப்பா?”

இசக்கிப்பாண்டி சிலேட்டைக் கீழே வைத்தான். அவன் தாய் அவனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே செத்துப்போனவள். வீட்டில் அவளைப் பேர் சொல்லிப் பேச யாரும் இல்லை. அந்தப் பேரை இந்தப் பிள்ளை எங்கேயும் கேட்டிருக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“எங்க அம்மைட்டி” என்றான். “எங்க அம்மை பேரு.” அவ்வளவுதான், அந்தப் பெரிய உடம்பு மகள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதது. “சரியாத்தான் எழுதியிருக்கான், பாத்தியளா டீச்சரம்மா. ஏமாத்தல. சரியாத்தான் எழுதியிருக்கான்.”

செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறபோதும் அவளுக்குக் காரியத்தில்தான் கண். “கைப்பிள்ளையை என்ன செய்யப்போறிய, அண்ணாச்சி?”

“அவனுக்கும் வகுப்புல ஒரு மூலையில இடம் கொடுங்க. அவன் பாட்டுக்குக் கிடப்பான். பாலு கொடுக்க சங்கரம்மா வந்து போவா.”

மறுநாள் கைப்பிள்ளையோடு பேச்சித்தாய் வந்தாள். குத்தாலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் தடுக்கவில்லை. ஏனென்றால் இப்போது தெருவில் போகிற யாருக்கும் ஒண்ணாப்பு நடக்கிறதா என்று சந்தேகமே வருவதில்லை. அவ்வளவு கூச்சல். பயலும் தன் பங்குக்குக் கத்துவான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தோப்பு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். தென்னை உச்சியில் இசக்கிப்பாண்டி காய் வெட்டிக்கொண்டிருந்தால், கீழே நின்று பேச்சித்தாய் கத்துவாள்: “ம!”

கூட வருகிற ஏதாவது ஒரு பிள்ளை கத்தும்: “ர!”

ஒரு கணம் அரிவாள் சத்தம் நிற்கும். அப்புறம் அத்தனை உயரத்திலிருந்து, ஓலைக்கு நடுவே, தன் முறை தவறாமல் வரும் அந்தக் கனத்த குரல்.

“ம்!”